லீனியர் காங்குருவன்ஸ் = நேரியல் ஒருங்கிசைவு

காங்குருவன்ஸ்ங்கிற சொல்லுக்கு லத்தீன்ல ஒத்துப்போறது, பொருந்திவர்றதுன்னு அர்த்தம். 1801ல காவுஸ் தன்னோட எண்கணித நூலை இந்தக் கருத்தோடதான் ஆரம்பிக்கிறாரு, ≡ குறியும் அதுல வந்ததுதான். ரெண்டு எண்ணோட வித்தியாசம் ஒரு எண்ணால மீதியில்லாம வகுபட்டா அந்த ரெண்டும் ஒருங்கிசைவு, வகுக்குற எண்ணுக்குப் பேரு மாடுலஸ், அதாவது சின்ன அளவு. நம்ம பத்தாம் வகுப்பு புத்தகத்துல மாடுலோவுக்கு மட்டுன்னு போட்டிருக்காங்க. இன்னும் சிலர் சமானம்னும் எழுதுறாங்க, ஆனா எனக்கு ஒருங்கிசைவுதான் பிடிக்கும், ஏன்னா 28ம் 4ம் சமம் கிடையாது, கடிகாரத்துல ஒரே இடத்துல வந்து நிக்குது, அவ்வளவுதான்.

இப்ப 7x ≡ 4 (mod 12) எடுத்துக்குவோம். 7ஐ எதால பெருக்கி 12ஆல வகுத்தா மீதி 4 வரும்? மணி முள்ளை 12ல வச்சு ஏழேழு மணியா தள்ளுங்க: 7, 2, 9, 4. நாலாவது தள்ளல்ல 4ல நிக்குது, அதனால x = 4. இப்படியே தொடர்ந்து தள்ளினா 11, 6, 1, 8, 3, 10, 5, கடைசில 12, ஒரு மணியும் விடாம எல்லாத்தையும் ஒரே ஒரு தடவை தொடும், அதனாலதான் விடை ஒண்ணே ஒண்ணு. ஏழாவது தள்ளல்ல முள் 1ல நின்னுச்சு பாருங்க, அப்ப 7க்கு நேர்மாறு 7ஏ தான் (7×7 = 49, மீதி 1). அது தெரிஞ்சா ஒவ்வொண்ணா தள்ளவே வேணாம், ரெண்டு பக்கமும் 7ஆல பெருக்கிடலாம், 7×4 = 28, மீதி 4, அதே விடை. மட்டு பெருசா இருக்கும்போது இந்த நேர்மாறைத் தேடுறதுதான் உண்மையான வேலை, அதுக்கு மீ.பொ.வ கண்டுபிடிக்கிற தொடர் வகுத்தலையே பின்பக்கமா ஓட்டணும். ஆரியபட்டர் 499லேயே சொன்ன குட்டக முறையும் இந்த வகைதான்.

7க்குப் பதிலா 8 போட்டா கதையே மாறிடும். முள் 8, 4, 12, திரும்ப 8, 4, 12ன்னு மூணே இடத்துலதான் சுத்தும், ஏன்னா 8க்கும் 12க்கும் மீ.பொ.வ 4. அதனால 8x ≡ 6 (mod 12)க்கு விடையே கிடையாது, எவ்வளவு தள்ளினாலும் 6ல நிக்காது. ஆனா 8x ≡ 4க்கு 2, 5, 8, 11ன்னு நாலு விடை இருக்கு.

நிறைய பேர் தப்பு பண்றது இந்த இடத்துலதான். 8x ≡ 4ஐ சாதாரண சமன்பாடு மாதிரி நாலால வகுத்து 2x ≡ 1 (mod 12)னு எழுதிடுவாங்க, அதுக்கு விடையே வராது, 2x எப்பவும் இரட்டைப்படை, அதுல 12ஐக் கழிச்சுக்கிட்டே போனாலும் 1 எப்படி வரும்? மட்டையும் சேர்த்து வகுக்கணும், 2x ≡ 1 (mod 3). இப்ப x = 2, அதுல மூணு மூணா கூட்டினா 5, 8, 11.