எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்களிடம் ஆய்வு: எத்திக்ஸ் கமிட்டி விண்ணப்பத்தில் இடரையும் பயனையும் எழுதுவது எப்படி?

மனிதர்களிடம் மருத்துவ, உடல்நல ஆய்வு செய்ய நினைப்பவர் முதலில் நெறிமுறைக் குழுவின், அதாவது எத்திக்ஸ் கமிட்டியின், அனுமதியை வாங்க வேண்டும். இந்தியாவில் இதற்கு அடிப்படை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017-இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டுதல்கள். குழந்தைகள், மனநலச் சிக்கல் உள்ளவர்கள், கைதிகள், புலம்பெயர்ந்த தொழிலாளர்கள், முதலாளிக்குப் பயந்து 'முடியாது' என்று சொல்லத் தயங்கும் ஊழியர்கள் போன்றோர் எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்கள் என்று அது சொல்கிறது. இவர்களிடம் செய்யும் ஆய்வு எவ்வளவு சாதாரணமானதாக இருந்தாலும் முழுக் குழுவும் கூடித்தான் பரிசீலிக்க வேண்டும். இரண்டு உறுப்பினர்கள் மட்டும் பார்த்து விரைவில் அனுமதிக்கும் வழி இங்கே கிடையாது.

விண்ணப்பப் படிவத்தில் இடர் என்ன, அது எந்த அளவு, எப்படிக் கையாள்வீர்கள், பயன் யாருக்கு, அந்தப் பயன் இடரை எப்படி நியாயப்படுத்துகிறது என்று வரிசையாகக் கேட்பார்கள். பலர் அவசரமாக நிரப்பும் பகுதி இதுதான். 'இடர் எதுவும் இல்லை, சமுதாயத்துக்குப் பயன் உண்டு' என்று இரண்டே வரியில் முடித்துவிடுவார்கள். விண்ணப்பம் திரும்பி வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். திண்டுக்கல் பக்கம் நூற்பாலை விடுதிகளில் தங்கி வேலை செய்யும் 18 வயதுக்கு மேற்பட்ட பெண்களிடம் ரத்தசோகை பற்றி ஆய்வு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஹீமோகுளோபின் பார்ப்பது ஒரு பகுதி. வேலை நேரம், ஓவர்டைம், மாதவிடாய் நாள்களில் ஓய்வு கிடைக்கிறதா என்று பேட்டி எடுப்பது இன்னொரு பகுதி. இதில் இடர் எங்கே இருக்கிறது?

ஊசியில் என்று எழுதினால் தவறில்லை, ஆனால் அது மிகச் சிறிய இடர். உண்மையான ஆபத்து பேட்டியில் இருக்கிறது. ஓவர்டைம் பற்றி ஒரு பெண் சொன்னது சூப்பர்வைசர் காதுக்குப் போனால் அவளை நைட் ஷிப்டுக்கு மாற்றலாம், வேலையை விட்டே நிறுத்தலாம். 'பேட்டி கொடு' என்று நிர்வாகம் சொல்லி அவள் வந்து உட்கார்ந்திருந்தால், அந்த ஒப்புதல் ஒப்புதலே அல்ல. அறிக்கையில் பெயரை நீக்கிவிட்டாலும் 'ஒடிசாவிலிருந்து வந்த 19 வயதுப் பெண், கோன் வைண்டிங் பிரிவு' என்று எழுதினால் அந்த ஆலையில் எல்லோருக்கும் ஆள் தெரிந்துவிடும். ஆய்வு எதற்கு, அதில் என்ன இடர் என்று விளக்கும் தகவல் தாளின் ஒரு பிரதியைப் பங்கேற்பாளருக்குக் கொடுக்க வேண்டும் என்பது விதி. அந்தத் தாளே அவள் பெட்டியிலிருந்து விடுதி வார்டன் கையில் சிக்கலாம்.

ஆகவே இடரை எழுதும்போது யாரால், என்ன, எப்படி நடக்கும் என்று மூன்றையும் சொல்லுங்கள். 'உளவியல் அசௌகரியம் ஏற்படலாம்' என்பதைப் படித்துக் குழுவால் ஒரு முடிவும் எடுக்க முடியாது. 'பேட்டி கொடுத்தவர் யார் என்று நிர்வாகத்துக்குத் தெரிந்தால் வேலை போகலாம்' என்று எழுதினால், சரி, அதைத் தடுக்க என்ன செய்கிறீர்கள் என்று அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

அந்தக் கேள்விக்கான பதில் ஆய்வின் வடிவத்தையே மாற்ற வேண்டும். 'ரகசியம் காக்கப்படும்' என்ற உறுதிமொழி மட்டும் போதாது. நம் உதாரணத்தில் இப்படிச் செய்யலாம்: ஹீமோகுளோபின் பரிசோதனையை விடுதியில் விருப்பப்பட்ட எல்லாருக்கும் திறந்துவிடுவது. ஆய்வில் சேராதவர்களுக்கும் அதே பரிசோதனை, அதே ஆலோசனை. பேட்டியைத் தனியாகப் பிரித்து, விடுமுறை நாளில் ஆலைக்கு வெளியே, அல்லது ஊருக்குப் போயிருக்கும்போது எடுப்பது. அப்போது பேட்டி கொடுத்தது யார் என்று நிர்வாகம் கண்டுபிடிக்க வழி குறைகிறது. பரிசோதனை வேண்டும் என்பதற்காகவே பேட்டிக்குத் தலையாட்டும் கட்டாயமும் இல்லாமல் போகிறது. தாளின் பிரதியை அவள் விரும்பினால் ஆய்வுக்குழுவே பத்திரமாக வைத்திருக்கும், கேட்கும்போது தரும் என்று எழுதி, அதற்குக் குழுவிடம் தனியாக அனுமதி கேளுங்கள். ஆலைக்குள் போக நிர்வாகத்தின் அனுமதிக் கடிதம் தேவைதான். ஆனால் அது கதவைத் திறக்கும் கடிதம் மட்டுமே. எந்தப் பெண்ணின் சார்பிலும் அது ஒப்புதல் ஆகாது என்பதை விண்ணப்பத்திலும் அந்தக் கடிதத்திலும் சொல்லிவிடுவது நல்லது.

அடுத்தது இடரின் அளவு. வழிகாட்டுதலில் நான்கு படிகள் உண்டு. குறைந்தபட்சத்துக்கும் கீழே, குறைந்தபட்சம், அதைவிடச் சற்றுக் கூடுதல், குறைந்தபட்சத்தைத் தாண்டிய உயர் இடர். அன்றாட வாழ்விலோ வழக்கமான பரிசோதனையிலோ சந்திக்கும் அளவுதான் 'குறைந்தபட்சம்'. சிறிதளவு ரத்தம் எடுப்பது, அடையாளம் தெரியக்கூடிய தகவலைக் கையாள்வது, சமூக, மன அளவிலான பாதிப்பு ஆகியவை மூன்றாம் படியில் வரலாம். நம் ஆய்வை மூன்றாம் படியில் வைப்பேன். கீழ்ப்படியைக் குறித்தால் சீக்கிரம் முடியும் என்று நினைப்பவர்கள் உண்டு. முழுக் குழுவுக்குப் போவது எப்படியும் உறுதி என்னும்போது, அதனால் குழுவின் நம்பிக்கையை இழப்பதுதான் மிச்சம்.

பயன் பகுதியில் நேரடிப் பயனையும் மறைமுகப் பயனையும் கலக்காதீர்கள். ஒரு பெண்ணுக்குத் தன் ஹீமோகுளோபின் அளவு தெரிவது நேரடிப் பயன். ஆனால் எண்ணைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அதில் பயன் இல்லை. டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பமில்லாத பெண்ணுக்கு அது கடுமையான ரத்தசோகை. அப்படிப்பட்டவரை எந்த அரசு மருத்துவமனைக்கு, யார், எத்தனை நாளுக்குள் அழைத்துப் போவார்கள், பயணச் செலவு யாருடையது என்று எழுதினால்தான் குழு அதை ஏற்கும். கிடைக்கும் தரவால் பின்னாளில் கொள்கை மாறலாம் என்பது மறைமுகமான சமூகப் பயன். பங்கேற்பாளருக்குத் தரும் பயணப்படியும், இழந்த கூலிக்கான தொகையும் பயன் கணக்கில் சேரக்கூடாது. சேர்த்தால், பணத்தைக் கூட்டக் கூட்ட எந்த இடரையும் நியாயப்படுத்திவிடலாம்.

இரண்டையும் எடைபோடும் பத்தி இப்படி அமையலாம்: "பேட்டியால் பங்கேற்பாளருக்கு நேரடிப் பயன் இல்லை. வேலை பாதிக்கப்படும் இடர் மேற்கண்ட ஏற்பாடுகளால் குறைகிறது, முற்றிலும் நீங்கவில்லை. மீதமுள்ள இடரைத் தகவல் தாளில் வெளிப்படையாகச் சொல்கிறோம். இந்தக் கேள்விகளுக்கான விடை விடுதியில் தங்காத தொழிலாளர்களிடமிருந்து கிடைக்காது என்பதால்தான் இவர்களை அணுகுகிறோம்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இதே விடையை இவ்வளவு பலவீனமான நிலையில் இல்லாதவர்களிடம் பெற முடியுமென்றால், இவர்களைத் தொந்தரவு செய்வதற்கு நியாயமே இல்லை.

18 வயதுக்கு உட்பட்டவர்களைச் சேர்த்தால் நிலைமை மாறும். பெற்றோரின் ஒப்புதலோடு, பதின்வயதினரின் சொந்த இசைவையும் எழுத்தில் வாங்க வேண்டும். இடர் குறைந்தபட்சத்தைத் தாண்டினாலோ நேரடிப் பயன் இல்லை என்றாலோ பெற்றோர் இருவரின் ஒப்புதலையும் குழு கேட்கலாம். பாலியல் துன்புறுத்தல் பற்றி ஒரு சிறுமி சொல்லிவிட்டால், போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். அப்போது 'நீ சொல்வது எதுவும் வெளியே போகாது' என்று தகவல் தாளில் எழுதியிருந்தால் அது பொய்யாகிவிடும். எதை மட்டும் ரகசியமாக வைக்க முடியாது என்பதைக் கேள்வி தொடங்கும் முன்பே சொல்லுங்கள். அந்த வயதினர் உங்கள் கேள்விக்கு அவசியமில்லை என்றால் சேர்க்காமல் இருப்பதே மேல்.

அனுமதி கிடைத்த பின்பும் எடைபோடுவது நிற்பதில்லை. பேட்டி நடக்கும் இடத்தில் வார்டன் வந்து உட்கார்ந்தார், நிர்வாகம் பெயர்ப் பட்டியலைக் கேட்டது என்றால் விண்ணப்பத்தில் எழுதிய இடர்க் கணக்கு மாறிவிட்டது. பேட்டிகளை அங்கேயே நிறுத்தி, நடந்ததைக் குழுவுக்கு எழுத்தில் தெரிவித்து, திருத்திய ஏற்பாட்டுக்கு அனுமதி வந்த பிறகே தொடர வேண்டும்.