திரும்பி வந்த மின்னஞ்சல்: தவறு முகவரியிலா, செயலியிலா?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "நண்பருக்கு அனுப்பிய மெயில் திரும்பி வந்துவிட்டது. முகவரி சரியாகத்தான் இருக்கிறது. மெயில் செயலியை அழித்துவிட்டு மறுபடி நிறுவட்டுமா?"

இப்போதைக்கு வேண்டாம். மெயிலைச் சேர்க்க முடியவில்லை என்று சொல்லும் பவுன்ஸ் செய்தி இன்பாக்ஸுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்பதே பாதி விடை. நீங்கள் 'அனுப்பு' பொத்தானை அழுத்தியதும் செயலி உங்கள் சொந்த சர்வரிடம், அதாவது உங்கள் மெயில் சேவையின் கணினியிடம்தான் முதலில் பேசுகிறது. கடவுச்சொல் தவறு, சர்வர் பெயர் தவறு, இணைப்பு இல்லை என்றால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். 535 போன்ற எண்ணோடு ஒரு பிழைச்செய்தி திரையில் வரும், மெயில் அவுட்பாக்ஸிலேயே கிடக்கும். பவுன்ஸ் வராது, ஏனென்றால் அந்த மெயிலை இன்னும் யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

முழு மெயிலையும் வாங்கிக்கொண்டு சர்வர் 250 என்று பதில் சொல்கிற கணத்தில் நிலைமை மாறிவிடுகிறது. மின்னஞ்சலின் அடிப்படை விதிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: 250 சொன்ன சர்வர் அந்த மெயிலுக்குப் பொறுப்பேற்கிறது. ஒன்று, அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் முடியவில்லை என்று அனுப்பியவருக்குச் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு ஒரு சர்வரிலிருந்து அடுத்த சர்வருக்குக் கைமாறிக்கொண்டே போகும். கடைசியாக ஏற்றுக்கொண்டவர் எழுதும் கடிதம்தான் பவுன்ஸ். அதன் அனுப்புநர் இடம் `<>` என்று வெறுமையாக இருக்கும். பவுன்ஸே சேராமல் போனால் அதற்கு இன்னொரு பவுன்ஸ் கிளம்பி, இரண்டு சர்வர்கள் முடிவில்லாமல் மாறி மாறி அனுப்பிக்கொள்ளக் கூடாது அல்லவா, அதற்காக.

ஆக, நீங்கள் அனுப்பிய மெயிலுக்குப் பவுன்ஸ் வந்தாலே உள்நுழைவு, கடவுச்சொல், இணைப்பு எல்லாம் வேலை செய்கின்றன. செயலியை மறுபடி நிறுவுவதால் அந்தப் பக்கம் சரிசெய்ய எதுவும் இல்லை. ஆனால் செயலி அனுப்பிய தகவலில் தவறு இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க, பவுன்ஸின் மேலே உள்ள மென்மையான வாக்கியங்களைத் தாண்டி, இயந்திரங்கள் படிப்பதற்காக எழுதப்பட்ட பகுதிக்குப் போக வேண்டும். பல செயலிகள் அதை இணைப்புக் கோப்பாகக் காட்டும். சிலவற்றில் மூலச் செய்தியைத் திறந்து பார்க்க வேண்டியிருக்கும். எடுத்துக்காட்டாக, கவிதாவுக்கு மணி அனுப்பிய மெயிலின் பவுன்ஸில் அது இப்படி இருக்கும்:

```
Reporting-MTA: dns; mail.example.com

Final-Recipient: rfc822; 'kavitha@example.org
Action: failed
Status: 5.1.1
Remote-MTA: dns; mx.example.org
Diagnostic-Code: smtp; 550 5.1.1 User unknown
```

பவுன்ஸை எழுதியது முதல் வரியில் உள்ள சர்வர். மறுத்தது `Remote-MTA`வில் உள்ள சர்வர். `Status` எண்ணின் முதல் இலக்கம் 5 என்றால் நிரந்தர மறுப்பு, 4 என்றால் தற்காலிகம், சர்வர் தானே மறுபடி முயலும். நடு இலக்கம் எந்தப் பகுதியில் சிக்கல் என்று சொல்லும்: 1 முகவரி, 2 பெட்டி (நிரம்பிவிட்டால் 5.2.2 அல்லது 4.2.2), 7 பாதுகாப்பு அல்லது கொள்கை. இந்த எண்களை ஓரளவு தெரிந்தவர்கள் 5.1.1 என்று பார்த்ததும் 'அப்படி ஒரு முகவரியே இல்லை' என்று முடிவுகட்டிவிடுவார்கள். அங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும்.

இரண்டு சர்வர்களும் பேசிக்கொண்டதைப் பார்த்தால் ஏன் என்று புரியும்:

```
MAIL FROM:<mani@example.com>
250 2.1.0 Ok
RCPT TO:<'kavitha@example.org>
550 5.1.1 User unknown
```

அனுப்புநர் யார், பெறுநர் யார், கடைசியாகத்தான் மெயிலின் உள்ளடக்கம். உறையைக் காட்டி அனுமதி வாங்கிவிட்டு அப்புறம்தான் கடிதத்தை நீட்டுவது மாதிரி. இங்கே `RCPT TO` கட்டத்திலேயே மறுப்பு வந்துவிட்டது. எதிர் சர்வர் அதுவரை உங்கள் எழுத்தில் ஒரு வரியைக்கூடப் பார்க்கவில்லை. இணைப்புக் கோப்பு, படம், எழுத்துரு எதன் மேலும் பழி போட முடியாது. பல சர்வர்கள் இந்தக் கட்டத்தைப் பவுன்ஸிலேயே `in reply to RCPT TO command` என்று எழுதிவிடுகின்றன. எல்லோரும் எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 'உங்கள் செய்தியைச் சேர்க்க இயலவில்லை' என்று மட்டும் காட்டி விவரத்தை மறைப்பது பயனருக்குச் செய்யும் உதவி அல்ல என்பது என் உறுதியான கருத்து.

சரி, அனுப்பப்பட்ட முகவரியை இப்போது எழுத்து எழுத்தாகப் பாருங்கள். `kavitha`வுக்கு முன்னால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி இருக்கிறது. யாரோ மேற்கோளுக்குள் எழுதிக்கொடுத்த முகவரியை நகலெடுத்தபோது ஒட்டிக்கொண்டது. @ குறிக்கு இடப்பக்கம் இந்தக் குறி வருவதை விதிகள் அனுமதிக்கின்றன என்பதால் செயலி தடுக்கவில்லை, சொந்த சர்வரும் தடுக்கவில்லை. எதிர் சர்வர் அந்தப் பெயரில் ஒரு பெட்டியைத் தேடியது, இல்லை, உண்மையைச் சொல்லிவிட்டது. இந்த முகவரியைச் செயலி நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு முறையும் தானே நிரப்பும், திரையிலோ 'கவிதா' என்ற பெயரை மட்டும் காட்டும். அனுப்பியவர் சரிபார்த்தது பெயரைத்தான். கவிதாவின் முகவரி நலமாக இருக்கிறது, செயலியின் முகவரிப் புத்தகத்தில்தான் பிழை. அந்தப் பதிவை அழித்துவிட்டு கையால் தட்டச்சு செய்தால் போதும். ஒட்டிக்கொண்டது வளைந்த மேற்கோள் குறியாகவோ கண்ணுக்குத் தெரியாத எழுத்தாகவோ இருந்தால் 5.6.7 என்ற எண்ணைப் பார்க்கலாம். அடிப்படை ஆங்கில எழுத்துகளும் குறிகளும் அடங்கிய ஆஸ்கி தொகுப்பில் இல்லாத எழுத்துள்ள முகவரியை ஏற்க முடியாது என்று அதற்குப் பொருள்.

`in reply to end of DATA command` என்று இருந்தால் கதை வேறு. முகவரியை எதிர் சர்வர் ஏற்றுக்கொண்டு, முழு மெயிலையும் வாங்கிப் பார்த்துவிட்டு மறுத்திருக்கிறது. பெரும்பாலும் அங்கே முகவரியைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. கூடவே 5.7.26 இருந்தால், அனுப்புநரை உறுதிசெய்யும் சோதனைகள் தோற்றுவிட்டன. இரண்டு கணக்குகள் உள்ள செயலியில் இது நடக்கும்: அலுவலக முகவரியை அனுப்புநராகப் போட்டுவிட்டு, மெயிலைத் தனிப்பட்ட கணக்கின் சர்வர் வழியாகச் செயலி அனுப்பிவிடும். அலுவலகத்தின் டிஜிட்டல் கையொப்பம் அதில் இருக்காது. கையொப்பமும் `From` என்ற அனுப்புநர் வரியும் மெயிலுக்குள்ளேயே இருப்பதால், முழுவதும் வந்த பிறகுதான் எதிர் சர்வரால் சோதிக்க முடியும். தவறு செயலியின் வெளிச்செல்லும் சர்வர் அமைப்பில்.

இந்த வாசிப்பு ஏமாற்றும் இடங்களும் உண்டு. உங்கள் சர்வரின் ஐபி முகவரி பிடிக்காத எதிர் சர்வர், அந்த மறுப்பைப் பெரும்பாலும் `RCPT TO` வரை தள்ளிப்போட்டுச் சொல்லும். அப்போது 5.7.1 வரும், முகவரியும் செயலியும் இரண்டுமே நிரபராதி. `Final-Recipient`இல் நீங்கள் எழுதாத முகவரி இருந்தால், நண்பர் தன் மெயிலை வேறிடத்துக்குத் திருப்பிவிட்டிருக்கிறார், அந்த இரண்டாவது இடம்தான் மறுத்திருக்கிறது. நீங்கள் அனுப்பவே அனுப்பாத மெயிலுக்குப் பவுன்ஸ் வந்தால், யாரோ உங்கள் முகவரியை அனுப்புநராகப் போட்டு எரிதம் அனுப்பியிருக்கலாம். கூடவே வரும் மூல மெயிலின் தலைப்பு வரிகளில் அது எந்த சர்வரிலிருந்து கிளம்பியது என்று பாருங்கள்.

இன்னும் சந்தேகம் என்றால், அதே கணக்கை உலாவியில் திறந்து, அதே முகவரியைக் கையால் தட்டச்சு செய்து, ஒரு வரி மட்டும் எழுதி அனுப்புங்கள். அதே எண்ணோடு திரும்பினால் செயலியை விட்டுவிட்டு நண்பரைத் தொலைபேசியில் கூப்பிட்டு முகவரி மாறிவிட்டதா என்று கேளுங்கள். போய்ச் சேர்ந்தால், செயலி நினைவில் வைத்திருக்கும் முகவரியையும் அதன் வெளிச்செல்லும் சர்வர் அமைப்பையும் திறந்து பாருங்கள்.