கூட்டாண்மையிலிருந்து மாறிய கம்பெனி: பழைய வரலாற்றைத் தேடும் வழி

பெயர்ப் பலகையில் 1994 முதல் என்று எழுதியிருக்கும் கம்பெனியின் அடையாள எண்ணில், அதாவது 21 எழுத்துகள் கொண்ட சிஐஎன்னில், 9 முதல் 12 வரையுள்ள இடங்களில் 2019 என்று இருக்கலாம். இதில் பொய் இருக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு கம்பெனி பதிவானதை மட்டுமே காட்டும். அதற்கு முன் அதே வணிகத்தைக் கூட்டாண்மை நிறுவனம் ஒன்று நடத்தியிருக்கலாம்.

மாற்றம் எவ்வழியில் நடந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 366ஆம் பிரிவின்படி கூட்டாண்மையே கம்பெனியாகப் பதிவாகியிருந்தால், 368ஆம் பிரிவின்படி அதன் சொத்துகள் தனிக் கிரயப் பத்திரம் இல்லாமலே கம்பெனிக்குச் சேரும். (நிலத்தின் வில்லங்கச் சான்றில் இன்னும் பழைய பெயரே தெரிவதற்கு இதுவும் காரணமாகலாம்.) புதிதாகத் தொடங்கிய கம்பெனி ஒப்பந்தம் மூலம் வணிகத்தை வாங்கியிருந்தால் அது வேறு வழி.

கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் View Public Documents பகுதியில் கட்டணம் செலுத்தினால் கம்பெனி தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். அங்கே URC-1 படிவம் இருந்தால் முதல் வழி உறுதியாகிறது. அதன் இணைப்புகளில் கூட்டாண்மைப் பத்திரம், பங்குதாரர் பட்டியல், சொத்து மற்றும் கடன் விவர அறிக்கை ஆகியவை இருக்கும். பலர் இந்தப் பத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள். ஆனால் அது பெரும்பாலும் கடைசியாக எழுதப்பட்ட பத்திரமாகவே இருக்கும். பங்குதாரர் சேரும்போதோ விலகும்போதோ புதிய பத்திரம் எழுதுவது வழக்கம் என்பதால், அதன் முகவுரையில் முந்தைய பத்திரத்தின் தேதி குறிப்பிடப்பட்டிருக்கும். நம் எடுத்துக்காட்டில் 2017ஆம் ஆண்டுப் பத்திரம் 2006ஆம் ஆண்டுப் பத்திரத்தையும், அது 1994ஆம் ஆண்டுப் பத்திரத்தையும் சுட்டினால், பலகையில் உள்ள ஆண்டுக்குச் சான்று கிடைக்கிறது.

அந்தத் தேதிகளைக் கூட்டாண்மைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்படி, உரிய கட்டணம் செலுத்தி யாரும் அப்பதிவேட்டைப் பார்வையிடலாம். தமிழ்நாட்டில் இதற்கு மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தை அணுக வேண்டும். ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்த தேதி அதில் பதிவாகியிருக்கும். கூட்டாண்மையைப் பதிவு செய்வது அச்சட்டத்தின்படி கட்டாயமில்லை. எனவே பதிவு இல்லாததாலேயே நிறுவனம் இருக்கவில்லை என்று முடிவுசெய்யக் கூடாது. கையில் பழைய விலைப்பட்டியல் இருந்தால், அதிலுள்ள ஜிஎஸ்டி எண்ணின் 6ஆம் எழுத்தைப் பாருங்கள்: F என்றால் கூட்டாண்மை, C என்றால் கம்பெனி.

2016இல் கொடுத்த சரக்குக்கு இன்னும் பணம் வராதவருக்கு இந்தத் தேடல் நேரடியாக உதவும். 366ஆம் பிரிவின்படி நடந்த மாற்றம் என்றால், பதிவுக்கு முன் ஏற்பட்ட உரிமைகளையும் கடன்களையும் அது பாதிக்காது என்று 369ஆம் பிரிவு கூறுகிறது. நிலுவையிலிருந்த வழக்கும் 370ஆம் பிரிவின்படி தொடரும். வணிகத்தை ஒப்பந்தத்தில் வாங்கிய கம்பெனிக்கு இந்தப் பிரிவுகள் பொருந்தா. அங்கே எந்தக் கடன்களைக் கம்பெனி ஏற்றது என்பதை அந்த ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும்; பழைய பங்குதாரர்களின் பொறுப்பும் அவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் மட்டும் நீங்கிவிடாது.