ரேங்க் 2 வந்துவிட்டது, ஆனால் அறை கேட்கவில்லை

சேலத்தில் இருந்துகொண்டு கருவிகளும் கட்டுப்பாடும் சம்பந்தப்பட்ட வேலை செய்கிற எனக்கு அறுவடைக் காலத்தில் ஏற்காட்டிலிருந்து போன் வந்தால் பெரும்பாலும் ட்ரையர் கோளாறாகத்தான் இருக்கும். அன்றைக்கும் அப்படித்தான். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பார்த்தால், தோட்டத்து ஷெட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு உலர்த்தும் அறைகள், இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஹீட்டர், ஒரே ப்ளோயர், காற்றுக் குழாய் பாதியில் இரண்டாகப் பிரிகிறது. முதல் அறையில் காபியை 35 டிகிரியிலும் இரண்டாவதில் மிளகை 45 டிகிரியிலும் வைக்க வேண்டும் என்பது தோட்டக்காரரின் ஆசை. மெஷின் போட்டுக் கொடுத்தவர்கள் ஹீட்டரை ஏற்றி இறக்கும் பிஐடி கன்ட்ரோலரின் எண்களை மூன்று தடவை மாற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள்.

அவர்கள் அனுப்பிய பையன் கெட்டிக்காரன். "சார், கால்மன் டெஸ்ட் போட்டுட்டேன், ரேங்க் 2 வருது. கன்ட்ரோல் பண்ண முடியும், ட்யூனிங்தான் சரியில்லை" என்று லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். கணக்கு சரிதான். அதிலிருந்து அவன் எடுத்த முடிவுதான் தப்பு, இதே தப்பைப் பல இடத்தில் பார்த்துவிட்டதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த டெஸ்ட் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வெளிக்காற்றைவிட அறை எத்தனை டிகிரி கூடுதல் என்பதை x என்று வைப்போம். ஹீட்டரை அணைத்துவிட்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை குறித்துப் பார்த்ததில், 30 டிகிரி கூடுதலாக இருந்த முதல் அறை 27-க்கு இறங்கியது, இரண்டாவது 26.4-க்கு. அதாவது ஐந்து நிமிடத்தில் ஒன்று 0.90 பங்கு சூட்டை வைத்துக்கொள்கிறது, மற்றொன்று 0.88 பங்கு. ஹீட்டரில் ஒரு அலகு ஏற்றினால் அதே ஐந்து நிமிடத்தில் இரண்டு அறையிலும் ஒரு டிகிரி ஏறும் என்று அலகை வைத்துக்கொள்வோம். அந்த ஹீட்டரால் அதிகபட்சம் 5 அலகு தர முடியும்.

இப்போது குளிர்ந்த அறையில் தொடங்கி முதல் ஐந்து நிமிடம் u0, அடுத்த ஐந்து நிமிடம் u1 கொடுத்தால், பத்தாவது நிமிடத்தில் கிடைப்பது இது:

```
x = A*B*u0 + B*u1
```

A என்பது அறைகள் வைத்துக்கொள்ளும் அந்த 0.90, 0.88 பங்குகளின் அணி. B என்பது ஹீட்டர் இப்போது தள்ளும் திசை. AB என்பது முன்பு தள்ளியது, அறையின் குணத்தால் கொஞ்சம் மாறி, இப்போது நிற்கிற திசை. இந்த இரண்டு திசைகளையும் கலந்து எங்கெல்லாம் போக முடியுமோ அங்கே மட்டும்தான் ஹீட்டரால் அறைகளைக் கொண்டுபோக முடியும். B, AB இரண்டையும் பக்கத்தில் நிறுத்தி அந்த அணியின் தரத்தை, அதாவது அதில் எத்தனை வேறு வேறு திசை இருக்கிறது என்கிற ரேங்கைக் கேட்பது இதற்காகத்தான். நிலைகள், இங்கே அறைகளின் சூடு, மொத்தம் n என்றால் A-வின் n−1 அடுக்கு வரைக்கும் பெருக்கினால் போதும், அதற்கு மேல் பெருக்கினாலும் புதுத் திசை கிடைக்காது, கேலி-ஹாமில்டன் தேற்றம் அதைப் பார்த்துக்கொள்கிறது. ருடால்ஃப் கால்மன் இந்தக் கருத்தை 1960-ல் மாஸ்கோ மாநாட்டில் வைத்தார்.

இரண்டு அறையும் அச்சாக ஒன்றுபோல், இரண்டுமே 0.90 என்று இருந்திருந்தால்? B = [1; 1], AB = [0.9; 0.9]. இரண்டும் ஒரே திசை, தரம் 1. இரண்டு அறைக்கும் உள்ள வித்தியாசத்தை ஹீட்டர் தொடவே தொடாது, அது பாட்டுக்கு ஐந்து நிமிடத்துக்கு 0.9 பங்காகக் கரைந்துகொண்டிருக்கும். காலையில் 6 டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 1.7 ஆகும், நீங்கள் ஹீட்டரை என்ன செய்தாலும் சரி. எந்த பிஐடி எண்ணும் இதை மாற்றாது.

(ஹீட்டர் எல்லா அறையையும் தொட வேண்டும் என்பதும் கட்டாயமில்லை. முதல் அறையிலிருந்து வெளியேறும் காற்றை இரண்டாவது அறைக்குள் விட்டால், ஹீட்டர் முதல் அறையை மட்டும் தொட்டாலும் AB-யில் இரண்டாவது அறைக்கும் ஒரு எண் வந்துவிடும், தரம் 2 ஆகிவிடும். ஆனால் காபியின் ஈரத்தைச் சுமந்த காற்றை மிளகுக்குள் விடுவதா? அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.)

சரி, உண்மையான அறைகளுக்கு வருவோம். பையன் போட்டது இதுதான், கடைசி வரி மட்டும் நான் சேர்த்தது:

```
A = [0.90 0; 0 0.88];
B = [1; 1];
C = [B A*B];
rank(C)
svd(C)
```

`rank` 2 என்கிறது. அதற்கு அடுத்த வரியை அவன் போடவில்லை. போட்டிருந்தால் 1.89 என்றும் 0.01 என்றும் இரண்டு எண்கள் வந்திருக்கும். ஒரு திசையில் ஹீட்டருக்கு நல்ல பிடி இருக்கிறது, இன்னொரு திசையில் அதில் கிட்டத்தட்ட இருநூறில் ஒரு பங்குதான். தரம் என்பது முழு எண், பிடி பலமா பலவீனமா என்று அது சொல்லாது, சுத்தமாகப் பூஜ்யமா இல்லையா என்று மட்டும் பார்க்கும். இங்கே தரத்தை 1-லிருந்து 2-க்குத் தூக்கியது 27-க்கும் 26.4-க்கும் நடுவே இருக்கிற 0.6 டிகிரிதான் என்பதையும் பாருங்கள்.

"அப்ப என்னங்க, முடியும்ங்கிறதா முடியாதுங்கிறதா?" என்றார் தோட்டக்காரர். பில்லின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். வெளியே 20 டிகிரி, ஆக வேண்டியது முதல் அறையில் 15 கூடுதல், இரண்டாவதில் 25 கூடுதல்:

```
0.90*u0 + u1 = 15
0.88*u0 + u1 = 25
```

கழித்தால் 0.02·u0 = −10, அதாவது u0 = −500, u1 = 465. முதல் ஐந்து நிமிடம் ஹீட்டர் 500 அலகு குளிரூட்ட வேண்டும், அடுத்த ஐந்து நிமிடம் 465 அலகு சூடேற்ற வேண்டும். நம்மிடம் இருப்பதோ பூஜ்யத்திலிருந்து 5 வரை. கணிதம் "முடியும்" என்று சொன்னது பொய்யில்லை, ஹீட்டருக்கு எல்லையே கிடையாது என்று வைத்துக்கொண்டு அது சொன்னது.

இதைவிட முக்கியமான இன்னொரு விஷயம், பலர் கவனிக்காதது. அந்த −500-ஐயும் 465-ஐயும் எப்படியோ கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், பத்தாவது நிமிடத்தில் 35-ம் 45-ம் வரும், பதினைந்தாவது நிமிடத்தில் இருக்காது. இந்த டெஸ்ட் ஓர் இடத்துக்குப் போய்ச் சேர முடியுமா என்று மட்டும்தான் கேட்கிறது, அங்கேயே உட்கார முடியுமா என்று கேட்பதில்லை. ஹீட்டரை ஒரே அளவில் விட்டால் இந்த அறைகள் எங்கே நிற்கும்? முதல் அறை u/0.10, இரண்டாவது u/0.12. முதல் அறை எப்போதும் 1.2 மடங்கு. முதல் அறையில் 30 கூடுதல் என்றால் இரண்டாவதில் 25. காபி அறையைவிட மிளகு அறை சூடாக நிலைத்து நிற்பது இந்த அமைப்பில் கிடையவே கிடையாது. ஒரே ஒரு ஹீட்டர் இருந்தால் நிலைத்து நிற்கும் இடங்கள் ஒரு கோட்டில்தான் இருக்கும், தரம் 2 வந்தாலும் 20 வந்தாலும்.

பையன் கொஞ்ச நேரம் பில்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இன்னொரு இன்புட் வேணும் சார்" என்றான். அதுதான் செய்தோம். இரண்டாவது அறைக்குப் போகும் குழாயில் சூடேற்றும் ஒரு சின்ன மின்சுருள், அதாவது காயில், அதற்குத் தனியாக ஒரு கன்ட்ரோலர். இப்போது B-க்கு இரண்டு நெடுவரிசை, [1 0; 1 1]. AB வரைக்கும் போகவே வேண்டாம், B மட்டுமே தரம் 2. உட்காருவதற்கான கணக்கும் ஒரு வரிதான்: காபிக்கு 0.10 × 15 = 1.5 அலகு பெரிய ஹீட்டரிலிருந்து, மிளகுக்கு 0.12 × 25 = 3, அதில் 1.5 ஏற்கெனவே குழாயில் வருகிறது, மீதி 1.5 காயில் கொடுக்க வேண்டும்.

கிளம்பும்போது தோட்டக்காரர், தேவைப்பட்டால் அறைகளை மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். மிளகு முதல் அறையில் என்றால் பெரிய ஹீட்டர் 2.5 தர வேண்டும், காபி அறைக்கு வேண்டியது 0.12 × 15 = 1.8, ஆக காயில் −0.7 தர வேண்டும். காயில் குளிரூட்டாது. இரண்டாவது அறைக் கதவில் "மிளகு இங்கே மட்டும்" என்று பெயிண்டில் எழுதச் சொல்லிவிட்டு இறங்கினேன்.