ஒரு வளையல் எத்தனை மாதம் ஓடும்?

ஹட்டன், நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இரவானால் டிஷ்ஷில் ஓடும் தமிழ்நாட்டு நாடகங்களுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருந்தாலும், விளம்பரம் போகக் கதைக்குக் கிடைப்பது இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான். வாரம் ஆறு நாள் என்றால் வருடத்துக்கு முந்நூறு பாகம் தாண்டும். ஒரு மாமியாரும் மருமகளும் இத்தனை நாள் எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள்?

கோபத்தை வைத்து அவ்வளவு தூரம் இழுக்க முடியாது. யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது என்ற வித்தியாசம்தான் கதையை இழுக்கிறது.

மாமியாரின் வளையல் காணாமல் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எடுத்து அடகு வைத்தவள் மூத்த மருமகள். பழி விழுவது இளையவள் மேல். பார்க்கிற நமக்கு முதல் நாளே உண்மை தெரியும். ஒரே வசனத்தில் முடியக்கூடிய விஷயத்தைத் தள்ளிப்போடுவதே எழுதுபவரின் வேலை. முதலில் நாத்தனாருக்குத் தெரிகிறது, அவளிடம் சத்தியம் வாங்கிவிடுகிறார்கள். அடுத்து மாமனாருக்குத் தெரிகிறது, சொல்ல வாயெடுக்கும்போது நெஞ்சுவலி வருகிறது. பிறகு கணவன். ஆளுக்கு இரண்டு வாரம் என்றால், ஆறு பேர் உள்ள வீட்டில் ஒரு வளையல் மூன்று மாதம் ஓடும். மாமியாருக்குத்தான் கடைசியாகத் தெரியவரும். அதற்குள் அடுத்த ரகசியம் விதைக்கப்பட்டிருக்கும்.

இதற்கு மாடிப்படியும் தனித்தனி அறைகளும் உள்ள பெரிய வீடு வேண்டும். பேச்சு பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் லயத்தில் இந்த வளையல் கதை அந்தி வரைக்கும் தாங்காது.

மழைக்கு டிஷ் மூன்று நாள் இழுக்காமல் போனாலும் கதை விட்டுப்போவதில்லை. நடந்ததை ஒரு பாத்திரம் இன்னொன்றிடம் திரும்பச் சொல்லும்படியே காட்சிகள் எழுதப்படுகின்றன. பழி விழும் காட்சியில் எட்டுப் பேர் நின்றால், ஒவ்வொரு முகத்துக்கும் நான்கு நொடி வீதம் இரண்டு சுற்றுக் காட்டினாலே ஒரு நிமிடம் கடந்துவிடும்.

ஆனால் பார்ப்பவருக்கு எந்த அதிர்ச்சியும் பழகிப்போகும். அதனால் பணயம் ஏறிக்கொண்டே போக வேண்டும்: சாம்பாரில் அள்ளிப் போட்ட உப்பு, வளையல், வீட்டுப் பத்திரத்தில் கையெழுத்து, கடைசியில் பாலில் விஷம். கதை கெடுவது இந்தக் கடைசிப் படியில்தான். விஷம் வைத்தவளோடு மறுநாள் ஒரே மேசையில் சாப்பிட உட்கார முடியாது. பொலிஸ் வந்த வீட்டில் உப்புச் சண்டை எடுபடாது. மாமியாரை முழுக்கக் கெட்டவளாக்கவும் வழியில்லை, பார்க்கிறவர்களில் மாமியார்களும் இருக்கிறார்கள். அதனால்தான் பெரிய குற்றங்களை மூத்த மருமகள், சித்தி போன்றவர்கள் தலையில் கட்டுகிறார்கள். மாமியார் ஏமாந்தவளாக நின்றால், பின்னால் மருமகளைக் கட்டிப்பிடித்து அழ இடம் இருக்கும்.

அப்படியும் படி தீர்ந்துபோனால், “சில ஆண்டுகளுக்குப் பிறகு” என்ற எழுத்து திரையில் வரும். குழந்தைகள் வளர்ந்திருப்பார்கள், நேற்றைய மருமகள் இன்று மாமியாராகியிருப்பாள், சண்டை மறுபடி சாம்பாரிலிருந்து தொடங்கும். இது நெருங்குவதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம்: பழைய காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள், அதுவரை பெயரே கேட்டிராத உறவுக்காரி ஒருத்தி பெட்டியோடு வாசலில் வந்து நிற்பாள்.