ஒரே கார், இரண்டு கொட்டேஷன்: ஒப்பிடுவது எப்படி?

"சார், இதில் பிரீமியம் குறைவு, இதையே எடுத்துவிடலாமா?" என்று கேட்டு இரண்டு கார் காப்பீட்டுக் கொட்டேஷன்களை நீட்டாத வாடிக்கையாளரே என்னிடம் அபூர்வம். பதில் சொல்லும் முன் நான் பார்ப்பது, இரண்டும் ஒரே தொகைக்குத்தான் போடப்பட்டிருக்கின்றனவா என்பதை. காரின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துக் காட்டினால் பிரீமியம் தானாகவே இறங்கும். ஆனால் கார் திருடுபோனாலோ முழுவதும் நொறுங்கினாலோ அந்தக் குறைந்த தொகைதான் உச்சவரம்பு. ஆகவே இரண்டையும் ஒரே மதிப்புக்கு மாற்றிப் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெரிதாகத் தெரிந்த வித்தியாசம் பல நேரம் அங்கேயே சுருங்கிவிடும்.

அடுத்து, ஒரே விபத்தை இரண்டு பாலிசிகளிலும் ஓட்டிப் பாருங்கள். முன்பக்கம் இடித்துவிட்டது, பழுதுபார்க்கும் பில் 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். பம்பர், ஹெட்லைட் போன்ற பிளாஸ்டிக் பாகங்கள் 50, பானெட் 30, கூலி 20.

முதல் பாலிசியில் ஜீரோ டெப்ரிசியேஷன் ஆட்-ஆன் இருக்கிறது. பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பதில்லை. கட்டாயமாக நீங்கள் ஏற்க வேண்டிய 5 மட்டும் உங்கள் கையிலிருந்து போகும்.

இரண்டாவதில் அந்த ஆட்-ஆன் இல்லை. பிளாஸ்டிக்குப் பாதி கழிக்கும் பாலிசி என்றால் அதில் 25 போகும். பானெட்டுக்குப் பத்து சதவீதம் என்றால் 3. கட்டாயத் தொகை 5. இதற்கு மேல், பிரீமியத்தை இறக்க யாரோ 15 பங்குக்கு வாலண்டரி டிடக்டிபிள், அதாவது க்ளெய்மில் நீங்களாகவே ஏற்பதாக ஒப்புக்கொள்ளும் தொகை, சேர்த்திருக்கிறார்கள். ஆக, 48 பங்கு உங்கள் தலையில்.

பிரீமியத்தில் மிச்சமானது வருடத்துக்கு 9 பங்கு என்றால், இந்த ஒரு க்ளெய்மில் கூடுதலாகப் போகும் 43, ஏறக்குறைய ஐந்து வருட மிச்சத்தைத் தின்றுவிடும். பழைய கார், வருடக்கணக்கில் க்ளெய்மே இல்லாத ஓட்டுநர் என்றால் மலிவானதே சரியாக இருக்கலாம். அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கைப் போட்ட பிறகு முடிவெடுங்கள். ஜீரோ டெப்ரிசியேஷனிலும் வருடத்துக்கு இத்தனை க்ளெய்ம்தான் என்ற வரம்பு இருக்கக்கூடும். அதையும் கேளுங்கள்.

எந்தெந்தச் சேதத்துக்குப் பணம் தரமாட்டார்கள் என்ற விலக்குகள் கொட்டேஷன் தாளில் பெரும்பாலும் இருக்காது. பாலிசியின் முழு விதிமுறையை வாங்கி அந்தப் பகுதியைப் படியுங்கள். எனக்கு அதிகம் கவலை தருவது எஞ்சின்தான். தேங்கிய நீரில் கார் நின்றபின் ஸ்டார்ட் செய்ய முயன்றால், உள்ளே புகுந்த நீரைப் பிஸ்டன் அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். எஞ்சின் ஆட்-ஆன் இல்லாத சாதாரணப் பாலிசி பல இடங்களில் இந்தச் சேதத்தை ஏற்பதில்லை. ஆட்-ஆன் இருந்தாலும், நீரில் நின்ற காரை மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதத்தை விலக்கும் வரி சில பாலிசிகளில் உண்டு. "எஞ்சின் கவர் உண்டா?" என்று மட்டும் கேட்டால் இரு தரப்பும் "உண்டு" என்றுதான் சொல்லும். "எந்த நிலையில் மறுப்பீர்கள்?" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.