முறிவுப் புள்ளி அல்ல, ஈடுகட்டும் விற்பனை

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சிறுதொழில் பயிற்சி என்று எது நடந்தாலும் 'முறிவுப் புள்ளி' வந்துவிடுகிறது. கையேட்டிலும் அதுதான், பலகையிலும் அதுதான். இலாபமும் நட்டமும் இல்லாமல் வரவும் செலவும் சமமாகிற விற்பனை மட்டத்தை ஆங்கிலத்தில் பிரேக் ஈவன் என்பார்கள். அதில் பிரேக் இருக்கிறது, பிரேக் என்றால் முறிவு. மொழிபெயர்த்தவரின் ஆராய்ச்சி அதோடு முடிந்துவிட்டது. கேட்கிற கடைக்காரருக்கு வியாபாரம் முறிந்து விழுகிற இடம் என்றுதான் விளங்கும். நட்டம் நிற்கிற இடம் என்று எப்படி விளங்கப் போகிறது?

ஆங்கிலத் தொடரில் பொருள் முழுவதும் 'ஈவன்' என்பதில்தான் இருக்கிறது: வரவும் செலவும் ஒப்பாக நிற்பது. மற்ற மொழிக்காரர் எல்லாரும் 'பிரேக்' என்பதைப் பிடித்துத் தொங்கவில்லை. பிரெஞ்சில் 'செத்த புள்ளி' என்று சொல்கிறார்கள். ஜெர்மன் மொழியில் 'இலாப வாசற்படி' என்று ஒரு சொல் இருக்கிறது. இலாபம் இனித்தான் தொடங்கும் என்பதை அது ஒரே சொல்லில் காட்டிவிடுகிறது. நாம்தான் உடைத்துக்கொண்டிருக்கிறோம்.

சரி, நம்மிடம் உள்ள மற்றச் சொற்கள்? 'சமநிலைப் புள்ளி' என்று எழுதுகிறவர்கள் உண்டு. பொருளியல் படித்த பிள்ளைக்குச் சமநிலை என்றால் கேள்வியும் நிரம்பலும் சந்திக்கிற இடம். ஒரே சொல்லை இரண்டு பாடத்துக்கு இரண்டு பொருளில் கொடுத்துவிட்டுப் பிள்ளை குழம்புகிறது என்று குறை சொல்லக்கூடாது. 'இலாப நட்டமற்ற புள்ளி' பிழையில்லை, ஆனால் நீளம். முடிவை மட்டும் சொல்கிறது. அது எப்படி வருகிறது என்பதைச் சொல்வதில்லை.

எனக்குக் கூடுதலான கோபம் 'முதல் மீள்புள்ளி' மீது. கேட்க நல்ல தமிழாக இருக்கிறது, அதுதான் ஆபத்து. 'போட்ட முதல் வந்திட்டுது' என்பது ஊர்ப்பேச்சு. போறணை கட்டவும் இயந்திரம் வாங்கவும் போட்ட காசு திரும்பி வந்ததை அது சொல்கிறது. அதற்கு வருடங்கள் பிடிக்கும். பிரேக் ஈவன் கேட்பது வேறு கேள்வி: இந்த மாதச் செலவை மூட இந்த மாதம் எவ்வளவு விற்க வேண்டும்? இரண்டையும் ஒரு சொல்லில் கட்டினால் கணக்கே மாறிப்போகும்.

எப்படி மாறும் என்று ஒரு வெதுப்பகத்தை வைத்துப் பார்க்கலாம். (இந்தச் சொல்லையும் ஒருகாலத்தில் சிரித்தவர்கள் உண்டு. வன்னியில் பெயர்ப்பலகை ஏறி, இன்று பேக்கரி என்பதுபோலவே வாயில் வருகிறது. புதுச்சொல் ஆகாது என்பவன் இல்லை நான்.) பரந்தன் பக்கம் பாணும் பணிசும் போடுகிற சிறிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எழுதுகிற பெடியன் இலாப நட்டக் கணக்கைத் திரையில் படம்பிடித்து முதலாளிக்கு வட்ஸ்அப்பில் அனுப்புகிறான். விற்பனை 9,00,000 ரூபா. விற்பனைக் கிரயம் 5,85,000. மொத்த இலாபம் 3,15,000. கீழே வாடகை, சம்பளம், மின்சாரம், விநியோகம், பெறுமானத் தேய்வு, கடன் வட்டி எல்லாம் சேர்த்து 2,85,000. தேறிய இலாபம் 30,000.

இந்தப் படத்தைப் பார்த்ததும் பலர் 5,85,000 உடன் 2,85,000ஐக் கூட்டி, 8,70,000 விற்றால் சமம் என்று சொல்லிவிடுவார்கள். பிழை. விற்பனை குறைந்தால் கோதுமை மாவும் சீனியும் விறகும் குறைவாகத்தானே போகும்? வாடகை மட்டும் குறையாது. ஆகவே முதலில் படத்தில் இருக்கிற ஒவ்வொரு வரியையும் பார்த்து, இது விற்பனையோடு ஏறி இறங்குமா, இல்லை நிற்குமா என்று பிரிக்க வேண்டும்.

இங்கேதான் படம் மட்டும் போதாமல் போகிறது. விற்பனைக் கிரயத்துக்குள் பாண் போடுகிறவருக்குக் கொடுக்கும் 90,000 ரூபா ஒளிந்திருக்கிறது. அவருக்கு மாதச் சம்பளம் என்றால் அது நிற்கும் செலவு. மா மூட்டைக் கணக்கில் கூலி என்றால் ஏறி இறங்கும் செலவு. படம் அதைச் சொல்லாது, முதலாளியைத்தான் கேட்க வேண்டும். மாதச் சம்பளம் என்கிறார். விநியோகத்துக்குப் போன 45,000 முச்சக்கரவண்டி எரிபொருள்; பாண் எவ்வளவு போகிறதோ அந்த அளவுக்கு ஓட்டம். அது கீழே செலவுப் பட்டியலில் கிடந்தாலும் ஏறி இறங்கும் பக்கத்துக்குத்தான் வரும்.

இப்போது பிரித்துப் பார்த்தால், ஏறி இறங்கும் செலவு 4,95,000உம் 45,000உம் சேர்ந்து 5,40,000. விற்பனையில் 60 வீதம். நூறு ரூபாவுக்கு விற்றால் நிற்கும் செலவை மூட 40 ரூபா மிஞ்சுகிறது. நிற்கும் செலவு 2,40,000 உடன் அந்த 90,000 சேர்ந்து 3,30,000. அதை 0.40ஆல் வகுத்தால் 8,25,000.

சரிபார்ப்பது சுலபம். 8,25,000இல் 60 வீதம் 4,95,000. அதோடு 3,30,000ஐக் கூட்டினால் 8,25,000 வருகிறது. இலாபம் சுழியம். முன்னே சொன்ன 8,70,000ஐ இதே வழியில் போட்டுப் பாருங்கள், 18,000 இலாபம் மிஞ்சும். சமம் என்று சொன்ன இடத்தில் இலாபம் மிஞ்சினால் அது சமம் இல்லை. மாதம் 30 நாளும் திறந்தால் நாளுக்கு 27,500 ரூபா விற்பனை. முதலாளி மனதில் வைத்திருக்க வேண்டியது இதுதான்.

நான் 'ஈடுகட்டும் விற்பனை' என்று சொல்வது இதனால்தான். ஒவ்வொரு நூறிலும் மிஞ்சுகிற நாற்பது, நிற்கும் செலவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டுகிறது. எந்த மட்டத்தில் முழுவதும் ஈடுகட்டி முடிகிறதோ அது ஈடுகட்டும் விற்பனை. சொல்லே கணக்கின் வழியைக் காட்டுகிறது. இதைவிட 'கட்டுப்படி' நல்லது என்று சிலர் சொல்வார்கள். வயல்காரர் 'இந்த விலைக்குக் கட்டாது' என்று சொல்வது அழகான தமிழ்தான். ஆனால் அவர் பேசுவது விலையை. இங்கே தேடுவது விற்பனை அளவை. தவிர, கட்டுப்படியான விலை என்றால் அதற்குள் கொஞ்சம் இலாபமும் இருக்கும்.

அப்புறம், படத்தில் இல்லாததையும் தேட வேண்டும். கடனில் வட்டி மட்டும்தான் இலாப நட்டக் கணக்கில் வரும், கடன் முதலைத் திருப்பிக் கட்டுகிற தவணை வராது. பெறுமானத் தேய்வு அதற்கு மாறு: கணக்கில் இருக்கும், காசாகப் போகாது. கடன் முதலுக்கு மாதம் 30,000 கட்டுகிறார், தேய்வு 20,000 என்றால், காசைப் பார்க்கிற கணக்கில் நிற்கும் செலவு 3,40,000 ஆகி, விற்பனை 8,50,000 வேண்டும். முதலாளி தனக்குச் சம்பளம் போடாத கணக்காக இருந்தால் இன்னும் மோசம். அவருடைய உழைப்புக்கு மாதம் 60,000 என்று 3,30,000 உடன் வைத்தாலே 9,75,000 ஆகிவிடும். படத்தில் தெரிகிற விற்பனையோ 9,00,000.

இந்த மாதிரி இடங்களில் பயிற்சி கொடுக்கிறவர் நின்று பேச வேண்டும். அவரோ சூத்திரத்தைப் பலகையில் எழுதி, 'முறிவுப் புள்ளி' என்று கீழே கோடு போட்டுவிட்டுத் தேநீருக்குப் போய்விடுகிறார்.